“ஸ்விஃப்டுக்கு ஒரு செட் போடுங்க!”

சென்னை அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது வண்டியைக் கண்டுபிடிக்க நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டியதில்லை. முகப்பில் வாடாத மாலை, டயரில் நசுங்கிய எலுமிச்சையின் ஈரம், சீட்டில் கிழிக்காத பாலித்தீன் உறை. ஷோரூமிலிருந்து கோயில், கோயிலிலிருந்து நேரே இந்தத் தெரு. இரண்டு பக்கமும் கார் சாமான் கடைகள். வண்டி நிற்பதற்குள் ஒருவர் ஓடி வந்து, “என்ன வண்டி சார்?” என்பார்.

“ஸ்விஃப்ட். சீட் கவர் ஒரு செட், மேட் ஒரு செட். நல்லதா போடுங்க.”

இத்தோடு வியாபாரத்தை முடித்துவிடும் கடைகளும் உண்டு. தொழில் தெரிந்தவர் இதற்குப் பிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்குவார். எந்த மாசம் தயாரிச்ச வண்டி? கியரா, ஆட்டோமேட்டிக்கா? பின் சீட் முழுசா மடங்குதா, பிரிஞ்சு மடங்குதா? முன் சீட் ஓரத்தில் ஏர்பேக் லேபிள் இருக்கா? வாங்க வந்தவருக்கு இது தொணதொணப்பாகத் தோன்றும். கலரையும் தையல் டிசைனையும் பார்க்க வந்தவரிடம் பரீட்சை வைத்தால் எரிச்சல் வராதா? ஆனால் கவரும் மேட்டும் வண்டிக்குச் சேருமா, சேராதா என்பது இந்த நான்கு பதில்களில்தான் இருக்கிறது. “ஸ்விஃப்ட்” என்ற பெயரில் அதில் கால்வாசிகூட இல்லை.

மாருதி ஸ்விஃப்ட் இந்தியாவுக்கு 2005-இல் வந்தது. 2011-இல் இரண்டாம் தலைமுறை, 2018-இல் மூன்றாவது, 2024 மே மாதம் நான்காவது. நான்குக்கும் பெயர் ஒன்றே. சீட்டின் வார்ப்பு வேறு வேறு. இருபது வயது வண்டியையும் போன மாதம் வாங்கிய வண்டியையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். குழப்பம் வருவது எல்லைக்கோட்டில். 2024 ஏப்ரலில் வாங்கியவருக்கும் “2024 மாடல்” ஸ்விஃப்ட்தான். அதே ஆண்டு ஜூனில் வாங்கியவருக்கும் “2024 மாடல்” ஸ்விஃப்ட்தான். முன்னவரிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை, பின்னவரிடம் இருப்பது நான்காம் தலைமுறை. இரண்டுக்கும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம்கூட ஒன்றே: 2,450 மில்லிமீட்டர். தள்ளி நின்று பார்த்தால் சீட்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பழைய வண்டிக்குத் தைத்த கவரைப் புதியதில் இழுத்து மாட்டினால் மாட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

ஆபத்தே அங்கேதான். இந்தியாவில் விற்ற மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்டில் ஏர்பேக் இரண்டு. ஸ்டியரிங்கில் ஒன்று, டேஷ்போர்டில் ஒன்று. நான்காம் தலைமுறையில் எல்லா வேரியன்டிலும் ஆறு. கூடுதலாக வந்த நான்கில் இரண்டு, கதவுகளுக்கு மேலே கூரை ஓரத்தில் சுருண்டு கிடக்கின்றன. சீட் கவருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. மற்ற இரண்டும் முன் சீட்டுகளின் முதுகுச் சாய்மானத்துக்குள், கதவைப் பார்த்த விளிம்பில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து இடித்தால், அது சீட்டின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, உட்கார்ந்திருப்பவரின் விலாவுக்கும் கதவுக்கும் நடுவே விரிய வேண்டும்.

முன்பக்க மோதலில் வண்டியின் மூக்கு நசுங்கும் நேரமாவது கிடைக்கும். பக்கவாட்டில் உடம்புக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இருக்காது. அதனால் இந்த ஏர்பேக்குக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. ஒரு நொடியை நூறு பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்குக்குள் அது வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் கனத்த ரெக்ஸின் கவர் ஒன்று, நான்கு பக்கமும் இறுகத் தைத்து, குறுக்கே நின்றால்? பை தாமதமாக வரும், அல்லது கிழிக்க முடிந்த திசையில், அதாவது தவறான பக்கமாக வரும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள பல வண்டிகளின் கையேட்டில் சீட் கவரே போட வேண்டாம் என்று எச்சரித்திருப்பது இதனால்தான். அந்தப் பக்கம் திறக்கப்படாமலேயே கையேடு டேஷ்போர்டுக்குள் போய்விடுகிறது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஏர்பேக் உள்ள சீட்டுக்கென்று தைக்கும் கவர்கள் இரண்டு விதம். ஒன்றில், பை வெளிவரும் இடத்தைத் துணியே இல்லாமல் திறந்து விட்டிருப்பார்கள். இன்னொன்றில், அந்த இடத்துத் தையலை மட்டும் வலுக் குறைந்த நூலால் போட்டிருப்பார்கள். பை அழுத்தியதும் அந்தத் தையல் மட்டும் பிரிந்து வழிவிடும். முதல் வகையைக் கண்ணாலேயே சரிபார்த்துவிடலாம். இரண்டாம் வகையில் கண் உதவாது. எந்த நூல், எவ்வளவு இழுவிசையில் அறும் என்பதைச் சோதித்துப் பார்த்த தயாரிப்பாளரின் பேச்சை நம்ப வேண்டியிருக்கிறது. “ஏர்பேக் கம்பாட்டிபிள்” என்ற சின்ன லேபிளை எந்தக் கவரிலும் தைத்துவிட முடியும் என்பதால், சோதனைச் சான்று இருக்கிறதா என்று கேட்பது நியாயமே. பதில் மழுப்பலாக வந்தால் திறந்துவிட்ட வகையைக் கேட்டு வாங்குவது மேல்.

சரியான கவரை வாங்கிய பிறகும் ஒரு சறுக்கல் மிச்சமிருக்கிறது. முன் சீட் கவர்கள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அவசரத்தில் ஃபிட்டர் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டால், பலவீனத் தையல் கதவுப் பக்கம் இருப்பதற்குப் பதில் கியர் பக்கம் வந்துவிடும். கதவுப் பக்கம் முழு வலுவுள்ள தையல். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மாட்டி முடித்ததும் சீட்டின் வெளி ஓரத்தில் இருந்த ஏர்பேக் லேபிள் எங்கே போனது என்று தேடிப் பார்க்க வேண்டும். அது தெரிய வேண்டும், அல்லது கவரின் ஏர்பேக் குறி அதே இடத்தில் வர வேண்டும். இரண்டுமில்லை என்றால் கழற்றி மாற்றச் சொல்லலாம்.

தலைமுறைக்கு அடுத்தது வேரியன்ட். ஒரே மாதத்தில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு வண்டிகளில், விலை குறைந்ததில் பின் சீட் ஒரே பலகையாக மடங்கும். விலை கூடியதில் அறுபதுக்கு நாற்பது என்று பிரிந்து மடங்கும். பிரியும் சீட்டுக்கு ஒற்றைக் கவரைப் போட்டால், பிரிந்து மடங்கும் வசதி அன்றோடு போனது. டிரைவர் சீட்டை உயர்த்தும் லீவர், பின்னால் நடுவில் வரும் கை ஓய்வுப் பலகை, கழற்ற முடிகிற தலைச் சாய்மானம் என்று ஒவ்வொன்றுக்கும் கவரில் ஒரு வெட்டோ ஓட்டையோ தேவை. ஆல்ட்டோவில் முன் சீட்டின் தலைச் சாய்மானம் முதுகோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. அதற்குத் தனியாகத் தலைக்கவர் உள்ள செட்டை வாங்கி வந்தால் இரண்டு துண்டுகள் வீட்டில்தான் கிடக்கும். இன்னோவாவில் ஏழு பேர் வண்டியா, எட்டுப் பேர் வண்டியா என்பதே முதல் கேள்வி. ஏழு என்றால் நடுவில் தனித்தனி கேப்டன் சீட், எட்டு என்றால் பெஞ்சு. கிரிஸ்டாவா ஹைகிராஸா என்பது அடுத்தது.

பிள்ளைக்கான சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின் சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் இருப்பவை. அங்கே வெட்டு இல்லாத கவர் அவற்றை முழுசாக மூடிவிடும். கல்யாணம் ஆன புதிதில் வண்டி வாங்கியவருக்கு இது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

பொருள் விஷயத்துக்கு வருவோம். கடையில் எல்லாமே “லெதர்”தான். தட்டிக் கேட்டால் “ஆர்ட் லெதர்” என்பார்கள். இன்னும் கேட்டால்தான் அது பிவிசியா, பியூவா என்று தெரியும். துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு; பூச்சு எதனால் ஆனது என்பதில்தான் வித்தியாசம். பிவிசி என்பது நம் ஊரில் நெடுங்காலமாகப் புழங்கும் ரெக்ஸினின் உறவு: கனமானது, கொஞ்சம் விறைப்பு, விலை குறைவு. பியூ, அதாவது பாலியூரிதேன், தொட்டால் மென்மை, மடித்தால் நிஜத் தோல் மாதிரி நெளிவு, விலை கூடுதல். “நப்பா” என்று விற்பது பெரும்பாலும் மிருதுவாக்கிய செயற்கைத் தோலே. நிஜமான நப்பா பதப்படுத்திய மிருகத் தோல். அந்த விலைக்கு அது கிடைக்காது.

விலை கூடியது என்பதால் பியூவே சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. சாதாரண வகைப் பாலியூரிதேனுக்கு ஈரப்பதம் ஆகாது. காற்றிலும் வியர்வையிலும் உள்ள நீர் அதன் மூலக்கூறுப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். சூடு அதை வேகப்படுத்தும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் சில வருடங்களிலேயே டிரைவர் சீட்டின் தொடைப் பகுதியில் பூச்சு செதில் செதிலாக உரிந்து வேட்டியிலும் சட்டையிலும் ஒட்டுவது இதனால்தான். பழைய கைப்பையும் சோபாவும் உரிகிற அதே காரணம். பிவிசிக்கு இந்த நோய் கிடையாது. அதற்கு வேறு நோய். அதை வளையவைக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். கொஞ்ச காலம் அது முன் கண்ணாடியின் உட்புறம் மங்கலான படலமாகப் படியும். பிறகு ரெக்ஸின் விறைத்து, மடிப்புகளில் வெடிக்கும். புது கவர் போட்ட வண்டியில் கண்ணாடியைத் துடைத்தாலும் துடைத்தாலும் பனி படர்ந்தது மாதிரி இருந்தால் கவர் மீது சந்தேகப்படலாம்.

வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெளியைவிட இருபது டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிடும். கறுப்பு நிறச் செயற்கைத் தோல் அதில் எப்படிக் கொதிக்கும் என்பதை மே மாதம் வேலூரில் வண்டியேறியவர்கள் அறிவார்கள். ஏசி குளிர்ந்தாலும் முதுகு வியர்த்துக்கொண்டே இருக்கும். பூச்சில் காற்றுப் புகாது. புள்ளி புள்ளியாகத் துளையிட்ட கவர் இதற்கு உதவுமா? பூச்சில் மட்டும் துளை இருந்து, அடியில் ஒட்டிய ஃபோமில் துளை இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். கவரின் ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரிந்துவிடும். க்ரெட்டா, நெக்ஸான் போன்றவற்றின் உயர் வேரியன்ட்களில் சீட்டுக்குள்ளேயே விசிறி வைத்துக் காற்று விடுகிறார்கள். அதற்குப் பணம் கொடுத்துவிட்டு அதன் மேல் கனத்த கவரைப் போர்த்துகிறவர்களை இந்தத் தெருவில் தினமும் பார்க்கலாம்.

வெயிலுக்கு உகந்தது துணிதான். அரசு அம்பாசடர்களில் விரித்திருந்த வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டு கௌரவச் சின்னமாக மட்டும் அங்கே இருக்கவில்லை. வியர்வையை உறிஞ்சும், சூடேறாது, உருவித் துவைத்துக் காயப்போடலாம். டாக்ஸி ஓட்டுகிறவர்கள் பலர் இன்றும் துணிக் கவரைக் கைவிடாததற்கும் காரணம் அதுவே. கறை படிவதும், சாம்பார் வாசனை தங்குவதும் அதன் குறை. வீட்டில் சின்னப் பிள்ளைகளும், வாந்தி எடுக்கும் பயணிகளும் இருந்தால் ரெக்ஸினே புண்ணியம்.

இன்னொரு சங்கதியைக் கடைகளில் யாரும் கேட்பதில்லை: தீ. காரின் உள்ளே தொழிற்சாலை பொருத்தும் துணி, ஃபோம், பிளாஸ்டிக் எல்லாம் தீப்பிடித்தால் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. அமெரிக்காவில் 1972 முதல் நடப்பில் உள்ள விதியின்படி, கிடையாகப் பிடித்த துண்டில் நெருப்பு நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. இந்தியாவிலும் இதற்கென ஐஎஸ் 15061 என்ற தரம் இருக்கிறது. வண்டி சான்றிதழ் பெற்ற பிறகு கடையில் மாட்டும் கவரை வண்டியோடு சேர்த்து யாரும் சோதிப்பதில்லை. அந்தத் தரத்தைக் குறிப்பிட்டு விற்கும் கவர்கள் சந்தையில் உண்டு. கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

மாட்டுவதில் மூன்று படிகள் இருக்கின்றன. எலாஸ்டிக் வைத்த பொதுக் கவர் முதல் படி. எல்லா வண்டிக்கும் சேரும் என்று பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். எந்த வண்டிக்கும் கச்சிதமாகச் சேராது என்று வாசித்துக்கொள்ளலாம். அரைமணி நேரத்தில் வீட்டிலேயே மாட்டிவிடலாம், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இழுத்துச் சரிசெய்யவும் வேண்டியிருக்கும். மூன்றாவது படி, சீட்டைக் கழற்றி, தொழிற்சாலைத் துணியையே உரித்து, ஃபோமின் மேல் புதுத் தோலைக் கம்பி வளையங்களால் பிணைப்பது. ஒருநாள் வேலை. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டில் இதைத் தெருவோரத்தில் செய்யக் கூடாது.

பெரும்பாலானவர்கள் வாங்குவது நடுப்படியை. கடைமொழியில் “பக்கெட் ஃபிட்டிங்”. சீட்டின் பள்ளமும் மேடும் பார்த்து, அந்த மாடலுக்கென்றே வெட்டித் தைத்த கவர். கைதேர்ந்த இரண்டு பேர் ஐந்து சீட் வண்டியை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிப்பார்கள். முதல் முறை வீட்டில் செய்பவருக்கு அரைநாள் ஆகும், விரல் நுனிகளும் வலிக்கும்.

முதல் வேலை கவரை வெயிலில் போடுவது. கால்மணி நேரச் சூட்டில் பூச்சு இளகும். அப்போதுதான் சுருக்கமில்லாமல் இழுக்க வரும். கடைகளில் ஹீட் கன் வைத்திருப்பார்கள். ஒரே இடத்தில் அதைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் தோலின் வரிகள் உருகி அந்த இடம் மட்டும் பளபளக்கும்; அதை மாற்ற வழியில்லை. அடுத்து தலைச் சாய்மானத்தைப் பொத்தானை அழுத்தி உருவ வேண்டும். முதுகுக் கவரைத் தலையிலிருந்து கீழே, பனியன் மாட்டுகிற மாதிரி, இரண்டு தோளும் சமமாக இறங்கும்படி தள்ள வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் நடுத்தையல் கோணிவிடும். அதன் அடிநாக்கை முதுகுக்கும் அடிசீட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் திணித்துப் பின்னால் இழுத்து, பின்பக்கத் துண்டோடு வெல்க்ரோவிலோ கொக்கியிலோ சேர்க்க வேண்டும். முக்கால்வாசி பலம் தேவைப்படுவது இந்த ஒரு இடத்தில்தான். பிறகு அடிசீட்டின் கவரை விளிம்புகளில் இழுத்து, கீழே உள்ள ஸ்பிரிங் கம்பியில் கொக்கியால் மாட்ட வேண்டும்.

சீட்டுக்கு அடியில் கை விடும்போது மஞ்சள் நிற ஒயரோ, மஞ்சள் இணைப்பியோ தென்பட்டால் கையை எடுத்துவிட வேண்டும். மஞ்சள், ஏர்பேக் மின்சுற்றின் நிறம். அதில் கொக்கியை மாட்டுவதோ, சாவி போட்ட நிலையில் அதைப் பிடுங்குவதோ, டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கை எரியவைத்துவிடும்; சர்வீஸ் சென்டருக்குப் போய் கம்ப்யூட்டரை மாட்டித்தான் அணைக்க வேண்டும். சீட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்திருந்து தொடங்குவது வழக்கம்.

இரண்டாவது அறிகுறி சத்தம். 2019 ஜூலை முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் டிரைவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் உட்காருகிறவருக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை மணி உண்டு. அந்தச் சீட்டின் அடியில் எடையை உணரும் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. கவரை அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டினால், ஆளே இல்லாத சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதாக அது நம்பிவிடும். புது கவரோடு கடையை விட்டுக் கிளம்பியதும் காலிச் சீட்டுக்காக மணி அடிக்கத் தொடங்கினால், பேயை விரட்ட வேண்டியதில்லை; கொக்கியை ஒரு கண் தளர்த்தினால் பெரும்பாலும் போதும்.

மேட் விஷயம் இதைவிடச் சின்னது என்று தோன்றும். அப்படித் தோன்றுகிறவர்கள் கலிஃபோர்னியாவில் நடந்ததைக் கேட்க வேண்டும். 2009 ஆகஸ்ட் 28-ஆம் தேதி. சான் டியேகோ நகருக்கு அருகே நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவர், தம் கார் சர்வீஸில் இருந்ததால் டீலர் தற்காலிகமாகக் கொடுத்த லெக்ஸஸ் இஎஸ் 350 காரில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தார். ஆக்ஸிலரேட்டர் கீழேயே சிக்கிக்கொண்டது. மணிக்கு நூற்றறுபது கிலோமீட்டருக்கு மேல் போன வண்டி நின்றபாடில்லை. காரில் இருந்த நால்வரும் இறந்தார்கள். வண்டி ஓட்டுவதில் பயிற்சி பெற்ற ஒருவருக்கே இந்தக் கதி. விசாரணையில் தெரிந்தது இது: அந்தக் காரில் கிடந்த ரப்பர் மேட் அந்தக் காருடையது அல்ல. அதே நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 400ஹெச் என்ற பெரிய வண்டிக்கு வார்த்த மேட். நீளம் அதிகம். தரையில் உள்ள கொக்கியில் அது மாட்டப்படவும் இல்லை. முன்னால் நகர்ந்து, பெடலின் கீழ் நுனியைப் பிடித்துக்கொண்டது. சில நாட்களுக்கு முன் இதே காரை ஓட்டிப்போன இன்னொரு வாடிக்கையாளருக்கும் பெடல் மேட்டில் சிக்கியிருந்தது, அவர் தப்பிவிட்டார்.

அடுத்த மாதமே டொயோட்டா, தன் 38 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்களிடம் டிரைவர் பக்க மேட்டை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டது. பிறகு அந்த வண்டிகளில் பெடலின் நுனி குறைக்கப்பட்டது. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து அழுந்தினால் பிரேக்கின் பேச்சையே இன்ஜின் கேட்கும்படி மென்பொருளும் சேர்க்கப்பட்டது. நல்ல ரப்பர், நல்ல தயாரிப்பு, ஒரே நிறுவனம். மாடல் மட்டும் மாறியிருந்தது.

நம் ஊர்க் கடைகளில் மேட்டின் வகைகள் 3டி, 5டி, 7டி என்று ஏறிக்கொண்டே போகின்றன. இந்த எண்களுக்கு எந்தத் தரநிலையும் கிடையாது. கடைக்குக் கடை அர்த்தம் மாறும். பொதுவாக 3டி என்றால் தரையின் வளைவுக்கு ஏற்ப வார்த்து, ஓரம் கொஞ்சம் எழும்பியது. 5டி, 7டி என்றால் ஃபோமின் மேல் ரெக்ஸின் போர்த்தித் தைத்து, சீட்டுக்கு அடி வரை தரையையே மூடுவது. 7டியில் அதன் மேல் நூடுல் மேட் ஒன்றும் தனியாக வரும். பார்க்க வரவேற்பறை மாதிரி இருக்கும். அந்தத் தடிமன்தான் பிரச்சினை. கிளட்ச் பெடல் முழுசாக அழுந்திப் போய் நிற்கும் இடத்தில், சரிந்து எழும் தரையின் மேல் இந்த மேட்டின் முன் விளிம்பும் ஏறி நிற்கிறது. ஒரு சென்டிமீட்டர் முன்னதாகவே பெடல் தட்டினால் கிளட்ச் முழுசாகப் பிரியாது. ரிவர்ஸ் கியர் கரகரக்கும். கிளட்சை முழுக்க அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில், அந்தக் கடைசி அங்குலத்தில் உள்ள ஸ்விட்ச் தொடப்படாமல் ஸ்டார்ட்டே ஆகாது. மேட் போட்ட மறுநாள் “பேட்டரி போச்சு” என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் மேட்டை உருவிவிட்டு ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்க்கலாம்.

கியர் வண்டியின் மேட்டும் ஆட்டோமேட்டிக்கின் மேட்டும் ஒன்றல்ல. கிளட்ச் இல்லாத வண்டியில் இடது காலுக்கு வேறு இடம், ஓய்வுப் பலகைக்கு வேறு வடிவம். டிரைவர் மேட்டைப் போட்டதும் இன்ஜினை அணைத்த நிலையில், ஒவ்வொரு பெடலையும் தரை வரை மிதித்துப் பார்க்க வேண்டும். மேட்டைக் குதிகாலால் வேண்டுமென்றே முன்னால் தள்ளி, மறுபடி மிதிக்க வேண்டும். பெடல் உரசாமல், தயங்காமல் எழும்பி வந்தால் சரி. தரையில் உள்ள கொக்கியில் மேட்டின் வளையம் மாட்டியிருக்க வேண்டும். வளையமே இல்லாத மேட் என்றால் டிரைவர் பக்கத்துக்கு அது வேண்டாம். பழைய மேட்டை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போடும் சிக்கனம் நம்மில் பலருக்கு உண்டு. கீழ் மேட் கொக்கியில் இருக்கும், மேல் மேட் எதிலும் இருக்காது.

ஒரு மழைக்காலம் போனதும் மூடிய வகை மேட் இன்னொரு குணத்தையும் காட்டும். ஓரத்தில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அடியில் உள்ள கார்ப்பெட்டிலேயே ஊறும். ஏசி வடிகுழாய் அடைத்துக்கொண்டால் முன் பக்கத்துச் சீட்டின் காலடியில் தண்ணீர் கசியும். சாதா மேட் என்றால் கால் ஈரத்தில் அன்றே தெரியும், 7டி என்றால் பூஞ்சை வாடை வந்து, ஏசியைப் போட்டதும் தும்மல் தொடங்கிய பிறகுதான் தெரியும். தரைத் தகட்டில் துரு பிடிப்பது அதற்கும் பிறகு. தைத்து இறுக்கிய மேட்டை அடிக்கடி தூக்கிப் பார்ப்பதும் சுலபமில்லை. சில செட்டுகளுக்கு முன் சீட்டின் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். கடற்கரை மணலுக்கும் டிசம்பர் மழைக்கும் நடுவே ஓடும் வண்டிக்கு டிபிஇ என்ற வளையும் பிளாஸ்டிக்கில், அந்த மாடலின் தரையை அளந்து வார்த்த தட்டு மேட் பொருத்தம். வாடை இல்லை, எடை குறைவு, எழும்பிய ஓரத்தில் சேற்றுத் தண்ணீர் நிற்கும். வாரம் ஒருமுறை உருவி, குழாயடியில் காட்டி, உதறிப் போட்டால் போதும். நூடுல் மேட் மணலை உள்ளே வாங்கிக்கொண்டு மேலே சுத்தமாகத் தெரியும். தட்டினால்தான் கால்படி மண் கொட்டும்.

இணையத்தில் ஆர்டர் போடுகிறவருக்குக் கேள்வி கேட்கக் கடைக்காரர் இல்லை. அந்தக் கேள்விகளை அவரே விற்பவரிடம் எழுதி அனுப்பிவிட வேண்டும். உதாரணத்துக்கு, மேலே சொன்ன ஸ்விஃப்ட்காரர் இப்படி எழுதலாம்: “2024 ஜூன் தயாரிப்பு, நான்காம் தலைமுறை, ஆட்டோமேட்டிக். முன் சீட்டில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. டிரைவர் சீட் உயரும். பின் சீட் பிரிந்து மடங்கும். ஐசோஃபிக்ஸ் வெட்டு வேண்டும்.” தயாரித்த மாதம் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். கூடவே திறந்த கதவு வழியே முன் சீட்டின் ஓரம், பின் சீட், டிரைவர் காலடி என்று மூன்று படங்கள். செட் வந்து சேர்ந்ததும் முதலில் டிரைவர் மேட்டைத்தான் பிரிக்க வேண்டும். பெடலோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் சீட் கவரின் உறையைக் கிழிக்காமல், பெல்ட் ஓட்டைகளை வெட்டாமல், முழு செட்டையும் திருப்பி அனுப்பலாம். கத்தரி பட்ட கவரை எந்த விற்பனையாளரும் திரும்ப எடுப்பதில்லை.